காலி அறையில் பன்னிரண்டு மூட்டை

என்ன வேலை செய்கிறாய் என்று காவலூரில் யாராவது கேட்டால், வாடகை வீட்டுப் படங்களில் கட்டில் போடுகிறேன் என்பேன். கேட்டவர் என் கைகளைப் பார்ப்பார். கட்டில் தூக்குகிற கைகளாகத் தெரியாது. பிறகு லேப்டாப்பைத் திறந்து, காலியாக இருந்த அறையில் நாற்காலியும் மேசையும் திரைச்சீலையும் வந்து உட்காருவதைக் காட்டினால், "ஓ, டூப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தைக்கு எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். நான் போடுவது டூப் இல்லை. டூப் எப்படிப் போடுவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் போடாமல் இருக்கிறேன்.

அதைக் கற்றுக்கொண்டது பெங்களூரில். காலி வீடுகளின் படங்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் அலுவலகத்துக்கு வரும். நாங்கள் அவற்றில் சோபா போடுவோம், கட்டில் போடுவோம், ஜன்னலோரம் ஒரு பூந்தொட்டி வைப்போம். இதில் தப்பில்லை. வெறும் அறையைப் பார்த்து அது எவ்வளவு பெரியது என்று கண்ணால் மட்டுக்கட்ட முடியாது. ஒரு கட்டிலைப் போட்டுக் காட்டினால்தான் மனிதனுக்கு அளவு பிடிபடும். ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தது, கட்டிலைக் கொஞ்சம் சுருக்கிப் போடுவது எப்படி என்பதைத்தான். கட்டில் சிறுத்தால் அறை பெரிதாகத் தெரியும். பார்க்கிறவருக்கு எங்கே இடிக்கிறது என்றே தெரியாது. அடுத்த வாரம் சுவரில் இருந்த ஈரத்தைத் துடைக்கச் சொன்னார்கள். துணியால் அல்ல, மவுஸால்.

அந்தக் காலத்தில் நானே ஒரு படத்தைப் பார்த்து அறை எடுத்தேன். உள்ளே என் ஒற்றைக் கட்டிலைப் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. ஒரு வருடம் பக்கவாட்டிலேயே நுழைந்து பக்கவாட்டிலேயே வெளியே வந்தேன். அந்தப் படத்தை எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவரே செய்திருக்கலாம். நானே செய்து மறந்திருக்கவும் கூடும்.

அம்மா தனியாகி நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் போனதும் காவலூர் மலைக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் நெட் கிடைக்கும். அதுவே என் அலுவலகம். பெங்களூரிலிருந்து கொஞ்சம் வேலை வந்தது. மீதியை வாணியம்பாடியில் இருக்கும் ஒரு வீட்டுத் தரகர் கொடுத்தார். தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு வீடு பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்த மனிதர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வரை எந்த வீடு காலியானாலும் அவருடைய போனுக்குத் தெரிந்துவிடும்.

பாயிடம் வேலை வாங்கும்போதே என் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டேன். நானே நேரில் போய் டேப் பிடித்து அளப்பேன். போடுகிற சாமான் எல்லாம் அந்த அளவுக்குச் சரியாக இருக்கும். வெளியே எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளைத்தான் சேர்ப்பேன். சுவர், தரை, ஜன்னல், சுவிட்ச் போர்டு, ஈரம், விரிசல், இவற்றில் கை வைக்க மாட்டேன். இப்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டரே அறையை அலங்கரித்துக் கொடுத்துவிடுகிறது. கொடுக்கும்போது நம்மைக் கேட்காமலேயே சிமென்ட் தரையை மார்பிளாக்கும், இல்லாத இடத்தில் ஒரு ஜன்னல் திறக்கும். அதனால் தரையில் நான் வரைந்து காட்டிய எல்லைக்குள் மட்டும்தான் அதை விடுவேன். முடிந்த பிறகு பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூலைமூலையாகச் சரிபார்ப்பேன். கடைசியாக, படத்துக்குள்ளேயே எழுதுவேன்: "அறை காலி. சாமான்கள் கணினியில் சேர்த்தவை."

பாய்க்கு அந்த எழுத்துதான் உறுத்தியது.

"கீழ தனியா எழுதிக்கலாமேம்மா. படத்து மேல எதுக்கு? நல்லா வரைஞ்ச கோலத்து மேல காலை வெச்சா மாதிரி கீது."

"வாட்ஸ்அப்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு அனுப்பும்போது கீழ எழுதினது வராது பாய். படம் மட்டும்தான் போகும்."

"அது நல்லதுதான," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன், எழுத்தை மட்டும் எடுக்கவில்லை. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் காலி அறையின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது என்று இப்போது தெரிகிறது. இந்த ஜில்லாவிலேயே பொய் சொல்லாத படம் நான் ஒருத்திதான் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதத்தில் காவலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவின் வீடு காலியானது. ஐம்பது வயதிருக்கும் அக்காவுக்கு. கடையையும் பார்த்து நாலு ஏக்கர் சாமையையும் பார்க்கிறவர். குடியிருப்பது ஓட்டு வீட்டில். பக்கத்திலேயே தளம் போட்ட சின்ன வீடு ஒன்றைக் கட்டி வாடகைக்கு விட்டுவந்தார். ஒரு கூடம், ஒரு சமையலறை, கூடத்தின் கோடியில் குளியலறை, அவ்வளவுதான். அதுவரை அங்கே இருந்தவர்கள் மலைமேல் நட்சத்திரம் பார்க்கிற டெலஸ்கோப் ஆபீசில் தற்காலிக வேலைக்கு வந்து போகும் இளைஞர்கள். மூன்று பேர் பாய் விரித்துப் படுப்பார்கள், வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் போய் அளந்தேன். கூடம் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம். குளியலறைக் கதவு இரண்டரை அடி. அதற்கு முன்னால் படி கிடையாது. வடக்குச் சுவரில் ஓர் ஈரக் கறை, உள்ளங்கை அகலம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அறை துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

படம் போன மூன்றாம் நாள் பாய் ஒரு நர்ஸை என் நம்பருக்குத் தள்ளிவிட்டார். அளவு கேட்டால் அந்தம்மாவைக் கேளுங்க என்று சொல்லிவிடுவது அவர் வழக்கம். நர்ஸ் பேசியது கும்பகோணத்திலிருந்து. மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, பத்து நாளில் வந்து சேர வேண்டும். வீட்டைப் பார்ப்பதற்கென்று ஒருமுறை வந்துபோக முடியாது. அப்பாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. விட்டுவிட்டு வர ஆள் கிடையாது.

"மேடம், நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அப்பாவோட கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதைப் போட்ட பிறகு வீல்சேர் முழுசா ஒரு சுத்து திரும்புமா? இப்ப இருக்கிற வீட்ல திரும்பாது. பாத்ரூம்லேந்து பின்னாலேயே இழுத்துட்டு வரேன். அவருக்கு முதுகுப் பக்கமா போறதுன்னா பயம். கைப்பிடிய விடவே மாட்டார்."

என்னிடம் இருக்கும் சாமான் படங்களில் வெளிநாட்டு சோபா இருக்கிறது, மான் தலை இருக்கிறது, பியானோகூட இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை. அவர்களுடைய கட்டிலையே பக்கவாட்டில் நின்று படம் எடுத்து அளவோடு அனுப்பச் சொன்னேன். வீல்சேரையும் அனுப்பினார். கட்டிலில் நீலக் கட்டம் போட்ட விரிப்பு, தலைமாட்டில் பெயின்ட் உரிந்த கம்பி. இரண்டையும் வெட்டியெடுத்துக் கூடத்தில் போட்டேன். இடச் சுவரை ஒட்டி மூன்றடி அகலக் கட்டில். அதற்கு அப்பால் ஏழடி வெறும் தரை. வீல்சேர் திரும்ப ஐந்தடி வேண்டும். தரையில் ஐந்தடி வட்டம் ஒன்றை மெல்லிய கோடாக வரைந்து, எழுத வேண்டியதை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது.

"அப்பா போனைத் திருப்பிக் கொடுக்க மாட்டேங்கிறார் மேடம். நம்ம கட்டில் அங்க எப்படிப் போச்சுன்னு கேக்குறார். அவருக்குப் பேச்சு சரியா வராது, ஆனா இதைக் கேட்டுட்டார். அந்த வட்டத்துல விரலை வச்சு சுத்திச் சுத்திக் காட்டுறார்."

கும்பகோணத்து வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டதாகவும், சனிக்கிழமை லாரி ஏற்றப் போவதாகவும் சொன்னார். அன்று நான் நடந்து போனேனா மிதந்து போனேனா என்று எனக்கே தெரியாது. இதற்காகத்தான் இந்த வேலை என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அக்காவின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மே, அந்த நர்சம்மா கட்டில எந்தப் பக்கம் போடுவாங்க?"

"இடது பக்கம்."

"அப்ப சரி. மூட்டைய எதிர்ச்சுவத்துல அடுக்கிக்கலாம்."

டீ கையிலேயே நின்றது.

நான் மலையில் பிறந்தவள். கார்த்திகையில் சாமை அடித்து வீட்டுக்கு வரும். பழைய வீட்டு மண் தரையைப் பெருச்சாளி தோண்டும், அதனால் சிமென்ட் தரை எங்கே இருக்கிறதோ அங்கே மூட்டை போகும். சாமை விற்று முடிவதற்குள் மாசியில் புளி வந்துவிடும். சித்திரை வரை அது இருக்கும். வாடகைக்கு ஆள் இருந்தாலும் மூட்டை வரும். அந்த டெலஸ்கோப் ஆபீஸ் இளைஞர்கள் மூட்டையில் சாய்ந்துகொண்டுதான் போன் பார்ப்பார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்திலும் சின்ன வயதில் மூட்டைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான் என்றுதான் படுத்திருக்கிறோம். சுவர் இருப்பதைப் போல மூட்டையும் இருந்தது. அதை ஒரு பொருளாகவே என் கண் எடுத்துக்கொண்டதில்லை.

ஈரக் கறையை உள்ளங்கை வைத்து அளந்த எனக்கு இது தெரியவில்லை. ஆவணியில் போய் எடுத்த படத்தின் மேல் "அறை காலி" என்று என் கையால் எழுதியிருந்தேன். வருடத்தில் பாதி நாள் அது காலி இல்லை. பெங்களூரில் கட்டிலைச் சுருக்கினவர்களை நான் எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறேன். அவர்களாவது தெரிந்து செய்தார்கள். எனக்கு வெட்கம் காதுவரை ஏறியது, கூடவே கோபமும். யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"எத்தனை மூட்டைக்கா வரும்?"

"பன்னண்டு. போன வருசம் மாதிரி. நாலு பக்கத்துல பக்கத்துல, ஒண்ணு மேல ஒண்ணா மூணு அடுக்கு. சுவரோட சுவரா கம்முனு கெடக்கும். அவங்கள இன்னா பண்ணப்போவுது?"

ஒரு மூட்டையைக் கிடத்தினால் மூன்றடி நீளம். சுவருக்குச் செங்குத்தாக அடுக்குவார்கள். ஏழில் மூன்று போனால் நான்கு. நாற்காலி நேராகப் போகும், திரும்பாது. மலையேறி வந்த பிறகும் அந்த மனிதரைப் பின்னாலேயேதான் இழுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து முதலில் பாயைக் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"கார்த்திகைக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதும்மா. அவங்க வரட்டும், பழகட்டும். பொம்பளைங்களுக்குள்ள பேசிக்குவாங்க. இப்பவே மூட்டை, கோணின்னு சொல்லிப் பயமுறுத்தாத."

"அவங்க லாரி ஏத்துறதுக்கு முன்னாடி தெரியணும் பாய்."

"சொல்லிட்ட, வேணாம்னுட்டாங்க. அப்புறம்? இந்த மலையில வேற தரைவூடு எங்க கீது? படி ஏற முடியாத மனுசன வெச்சிகினு அந்தம்மா எங்க போவும்? நீ நல்லது பண்றன்னு நெனச்சிகினு அவங்கள நடுத்தெருவுல நிறுத்துற."

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதி உண்மையை வைத்து அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"அத அவங்க முடிவு பண்ணட்டும் பாய். எனக்காக ஒண்ணும் பண்ணவேணாம். நான் போட்ட படம் தப்பு. நான் திருத்தி அனுப்புறேன்."

"எம் பேர்ல போன படம்மா அது."

"எழுத்து என்னுது."

"அனுப்பினா என்கிட்ட இனிமே வேலை கேக்காத," என்று சொல்லி வைத்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரிதான் போங்கள் என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.

என் சாமான் கிடங்கில் கோணி மூட்டையும் இல்லை. காலி அறையை அழகுபடுத்துகிற உலகத்தில் யாருக்கு மூட்டை வேண்டும். கடைக்குத் திரும்பிப் போய், பின்னால் அக்கா அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைப் படம் எடுத்தேன். எதற்கு என்று கேட்டார். வேலைக்கு என்றேன். அந்த மூட்டைகளை வெட்டியெடுத்து, மூன்றடி நீளம், இரண்டடி அகலம் என்று அளவு கொடுத்து, எதிர்ச்சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நான்கு, மேலே மூன்று அடுக்கு என்று வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நிழல் போட்டேன். சோபாவுக்குக்கூட அவ்வளவு கவனமாக நிழல் போட்டதில்லை. நீல விரிப்புக் கட்டிலும் நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்தடி வட்டத்தை நான் நகர்த்தவில்லை. அதன் விளிம்பு மூட்டைக்குள் போய் மறைந்தது. மேலே எழுதினேன்: "கார்த்திகை முதல் சித்திரை வரை கூடம் இப்படி இருக்கும். முன்பு அனுப்பிய படத்தில் இதைச் சொல்லாதது என் தவறு."

அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. ஒன்றும் வரவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

அரைமணி கழித்து நர்ஸ் கூப்பிட்டார்.

"நீங்க அங்குலம் அங்குலமா அளந்து சொன்னீங்களே மேடம். சுவத்துல கறை இருக்குன்னுகூடச் சொன்னீங்க. இதை ஏன் சொல்லல?"

"எனக்குத் தோணலைங்க. எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கும். அதனால எனக்குத் தெரியவே இல்லை. மன்னிச்சிக்குங்க."

"இந்த வீட்டுக்கு அடுத்த ஆள் அட்வான்ஸ் குடுத்தாச்சு. நாளன்னிக்கு லாரி." அழவில்லை. நர்ஸ்கள் அழுகையை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை. "அப்பாகிட்ட நான் என்ன சொல்றது? அவர் இன்னும் அந்தப் பழைய படத்தைத்தான் பாத்துட்டு இருக்கார்."

அவரே தொடர்ந்தார்.

"சரி. இப்பவாவது சொன்னீங்க. கார்த்திகையில தெரிஞ்சிருந்தா நான் அங்க யார்கிட்ட போய் நிப்பேன்? சுவத்தை நகர்த்த முடியாது. மூட்டைய நகர்த்த முடியுமான்னு அந்தக் கடைக்கார அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லுங்க. வேற எதாவது பாக்குறேன்."

போனைக் கையில் பிடித்தபடி கடைக்கு நடந்தேன். பஸ் வந்து போயிருந்ததால் கடையில் கூட்டமில்லை. அக்காவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என் கடை அரிசி மூட்ட மாதிரி கீதே."

"உங்க கடை மூட்டதான். சாமை மூட்டைக்குப் பதிலா வெச்சிகீறேன்."

"நல்லாத்தான் வெச்சிகீற." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "இது இன்னா கோடு?"

"அந்தப் பெரியவரோட நாற்காலி திரும்புறதுக்கு அவ்ளோ இடம் வேணும். மூட்டை இருந்தா திரும்பாதுக்கா. பின்னாலயே இழுக்கணும். அவருக்கு அது பயம்."

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முகம் இறுகியது.

"அதுக்கு? என் வூட்ல என் சாமைய நான் வெக்கக் கூடாதா? நான் கட்டின வூடு. பழைய வூட்ல வெச்சா பெருச்சாளி திங்கும். மழையில வெளில போடட்டுமா?"

"வைங்க. யாரு வேணாம்னா? வெப்பேன்னு சொல்லிட்டு வாடகைக்கு வுடுங்க."

"இத்தன வருசம் யாரும் கேட்டதில்ல."

"இத்தன வருசம் யாரும் நாற்காலியில வரல."

"நீதான காலின்னு எழுதின? நானா எழுதச் சொன்னேன்?"

அதுதான் சரியான கேள்வி. அக்கா பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மூட்டை வரும் என்று சொல்லியிருப்பார். வருடத்தில் மற்ற மாதங்களில் இங்கே என்ன இருக்கும் என்று நான் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டி பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த நர்ஸின் அப்பா அந்த வட்டத்தில் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தது என் எழுத்தை நம்பித்தான்.

யோசித்துச் சொன்னேன் என்று பெருமை பேசமாட்டேன். வீம்பில் சொன்னேன்.

"பன்னண்டு மூட்டையையும் என் ரூம்ல கொணாந்து போடுங்க."

"எந்த ரூம்ல?"

"நான் கம்ப்யூட்டர் வெச்சிகீற ரூம்ல. சிமென்ட் தரைதான். பெருச்சாளி வராது. கார்த்திகையில இருந்து சித்திரை வரைக்கும் வெச்சிக்குங்க. சாவி உங்ககிட்டயே ஒண்ணு இருக்கட்டும்."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உனக்கு அறிவு கீதா இல்லியா?" என்றார். அந்தக் குரலில் சம்மதம் இருந்தது எனக்குத் தெரியும். அங்கேயே நின்று நர்ஸைக் கூப்பிட்டு, போனை அக்காவிடம் கொடுத்தேன். நான் சொல்லி அவர் நம்ப வேண்டாம் என்று பட்டது. அக்கா போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "மூட்ட வராது, நீங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வந்தது. பின்னாலேயே ஒரு காரில் நர்ஸும் அப்பாவும். மலைப்பாதை வளைவுகளில் அவருக்கு வாந்தி எடுத்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. கட்டிலை இடச் சுவரை ஒட்டிப் போட்டோம். நீலக் கட்டம் போட்ட அதே விரிப்பு. அவரை நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிவந்ததும், இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்க முயன்றார். மகள் எடுத்துக் கொடுத்தார். படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். வடக்குச் சுவர்க் கறையைத் தேடிக் கண்டுபிடித்தார். ஜன்னலைப் பார்த்தார். நான் ஒரு படத்தைச் சரிபார்ப்பது போலவே மூலைமூலையாகப் போனார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, தரையில் விரலால் ஒரு வட்டம் காட்டினார்.

நர்ஸ் நாற்காலியைத் திருப்பினார். கட்டிலில் இடிக்காமல், சுவரில் இடிக்காமல் முழுச் சுற்று வந்தது. இன்னொரு முறை என்று விரல் காட்டினார். இன்னொரு முறையும் வந்தது. வாசலில் நின்ற அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடையில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சமவெளி வேலை முழுவதும் ஆம்பூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. அவர்கள் ஒற்றை அறை வீட்டுக்கெல்லாம் சரவிளக்கு மாட்டுகிறார்கள், தரையை மார்பிளாக்குகிறார்கள், படத்தில் எழுத்து கிடையாது. எப்போதாவது மலைமேல் ஒரு வீடு வந்தால் மட்டும் பாய் என்னைக் கூப்பிடுவார். "அங்க இன்னா இன்னா சாங்கியம் கீதோ எனக்குத் தெரியாது, நீயே பாரு," என்பார். போகிற வீட்டில் டேப்பை எடுக்கும் முன்பு நான் இப்போது கேட்கிற முதல் கேள்வி, மாசியில் இங்கே என்ன இருக்கும் என்பதுதான். கேட்டால் சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

கார்த்திகையில் மூட்டைகள் வந்தன. நாலு பக்கத்தில் பக்கத்தில், மேலே மூன்று அடுக்கு. என் அறை ஒன்பதுக்கு எட்டு. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் ஒரு சாண் போகும், அதற்குமேல் கோணி முதுகில் உரசும். எழுந்திருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் நழுவி வருகிறேன், பெங்களூர் அறையில் வந்தது போலவே. சாமைத் தூசியில் தும்மல் வேறு. அம்மா தினம் ஒருமுறை வாசலில் நின்று, "நல்லா அனுபவி," என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து புதிய ஆள் ஒருவர் வேலை கொடுப்பது பற்றி வீடியோவில் பேசினார். பேச்சு நன்றாகத்தான் போனது. நடுவில் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது.

"மேடம், பின்னால என்ன குடோனா? கஸ்டமர் மீட்டிங்ல கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். ஒரு நல்ல பேக்ரவுண்ட் போட்டுக்கலாமே. புக் ஷெல்ஃப் மாதிரி. உங்களுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அந்தப் பொத்தான் திரையில் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கி, பன்னிரண்டும் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தேன்.

"சித்திரை வரைக்கும் என் ரூம் இப்படித்தான் சார் இருக்கும்," என்றேன். "நீங்க வேலையச் சொல்லுங்க."